எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்ன அம்மா

குழந்தை மருத்துவத் தேர்வில் நான் ஒரு முறை தோற்றவள். எழுத்துத் தேர்வில் இல்லை, வார்டில், குழந்தைக்கு முன்னால் நின்று தோற்றவள். என் குரல் அப்படி. நான் வாயைத் திறந்தால் பெரியவர்களே ஒதுங்குவார்கள், குழந்தைகள் என்ன செய்வார்கள். இரண்டாம் முறையும் தோற்றால் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார் என்று எனக்குத் தெரியும். மல்லாங்கிணற்றிலிருந்து டாக்டராகப் போனவள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த இரண்டாம் முறை எனக்குக் கிடைத்தது பதினான்கு மாத ஆண் குழந்தை. இருமல், வயிற்றுப்போக்கு. காலையில்தான் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து சேர்த்திருந்தார்கள். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள்.

பாடம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். முதலில் பொது அபாய அறிகுறிகள்: குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியவில்லையா, எதைக் கொடுத்தாலும் எல்லாம் வாந்தியா, வலிப்பு வந்ததா, மந்தமாக, நினைவில்லாமல் கிடக்கிறதா. ஒன்று இருந்தாலும் வகைப்பாட்டு அட்டையில் இளஞ்சிவப்புக் கட்டம், உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அதன்பிறகு இருமலையும் வயிற்றுப்போக்கையும் தனித்தனியாக வகைப்படுத்த வேண்டும். மஞ்சள் என்றால் அங்கேயே மருந்து, பச்சை என்றால் வீட்டில் கவனிப்பு.

தெரிந்ததை நான் கேட்ட விதம்தான் கேவலம். தேர்வாளர் பின்னால் நிற்கிறார் என்ற பயத்தில், திருடனைப் பிடித்த போலீஸ்காரி மாதிரி கேட்டேன்.

"குடிக்க மாட்டேங்குதா?"

"ஆமாங்க டாக்டரம்மா."

"எது குடுத்தாலும் கக்கிருதா?"

"ஆமாங்க."

"இழுப்பு வந்துச்சா?"

"ஆமாங்க."

குழந்தை என் குரலைக் கேட்டு அலறியது. அலறுகிற குழந்தையிடம் மூச்சை எண்ண முடியாது, அமைதியாக இருக்கும்போதுதான் முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணாமலே விட்டேன். அதுதான் மூன்று அபாய அறிகுறி கிடைத்துவிட்டதே, இனி எதற்கு எண்ணுவது என்று ஓர் இறுமாப்பு.

தேர்வாளரிடம் திரும்பி, "மிகக் கடுமையான நோய் சார். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்றேன். வெடி வெடித்த மாதிரி சொன்னேன்.

அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். "இதுதானே பெரிய ஆஸ்பத்திரி? இதுக்கும் மேல எங்கன கொண்டு போவேன்?"

தேர்வாளர் கட்டிலோரம் உட்கார்ந்தார். "அளுகாதீகம்மா. எப்ப இழுத்துச்சு?"

"இழுக்கலீங்களே."

"இப்ப ஆமான்னீகளே?"

அவள் என்னைப் பார்த்தாள். "அந்தம்மா கேட்ட கேள்விக்கு இல்லைன்னு சொன்னா வஞ்சிருவாகளோன்னு இருந்துச்சு. பரீச்சைன்னு வேற சொன்னாக. ஆமான்னா பாஸாயிருவாகன்னு நெனச்சேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது எரிந்தது. நோயாளியின் அம்மாவே எனக்குப் பிட்டு கொடுத்திருக்கிறாள், அதுவும் தப்புப் பிட்டு.

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "இப்ப அனுப்பியிருந்தா அந்தப் பொண்ணு பயத்துலயே செத்திருக்கும். குடிக்குதா இல்லையான்னு நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"பாரு."

தலைமாட்டில் உப்புச் சர்க்கரைக் கரைசல் டம்ளரில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது. எனக்குக் கண் இருந்தும் தெரியவில்லை. "கொஞ்சம் குடுத்துப் பாருங்கம்மா" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை, கீச்சென்று வந்தது.

அவள் கரண்டியை நீட்டினாள். பையன் அதைப் பிடித்து இழுத்தான். குடித்துவிட்டு டம்ளரைப் பிடுங்கக் கை நீட்டினான். வாந்தி வரவில்லை. அழுகையும் நின்றது.

நான் மூச்சுவிடாமல் அவன் வயிற்றையும் நெஞ்சையும் பார்த்துக்கொண்டே கடிகாரத்தில் ஒரு நிமிடம் எண்ணினேன். நாற்பத்தாறு. ஒரு வயதுக்கு மேல் நாற்பதோ அதற்கு மேலோ என்றால் வேக மூச்சு. நெஞ்சு உள்ளே இழுக்கவில்லை, மூச்சில் கரகரப்பில்லை. கண் குழி விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன், மடிப்பு மெதுவாகப் படிந்தது, ஆனால் இரண்டு நொடிக்குள். மலத்தில் ரத்தம் இருக்கிறதா, எத்தனை நாளாகப் போகிறது என்று கேட்டேன். "இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்கம்மா" என்று சேர்த்துக்கொண்டேன்.

"ரத்தம் இல்லீங்க. நேத்துலருந்துதான். கக்குனது ஒரே ஒருக்கா."

"சார், நிமோனியா. ஓரளவு நீரிழப்பு. ரெண்டும் மஞ்சள். அபாய அறிகுறி இல்ல. அமாக்சிசிலின், நாலு மணி நேரம் கரைசல், துத்தநாக மாத்திரை. அதுக்கப்புறம் மறுபடி பார்த்து வகைப்படுத்தணும்."

"முதல்ல சொன்னதுக்கு மார்க்கு கிடையாது," என்றார் அவர். "இதுக்கு உண்டு."

தேர்வாளரிடம் என் தேர்வு அட்டையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பெண், "பாஸாயிட்டீகளா?" என்றாள். தெரியாது என்றேன். "எதுக்கும் இன்னொரு தரம் கேளுங்க, நான் வேணா வேற மாதிரி சொல்லுதேன்" என்றாள்.

எல்லைக்கோட்டை ஒட்டிக்கொண்டு பாஸானேன்.