ஊதிய திருநீறு

மலேசியாவின் கிள்ளானில் மருத்துவமனை வார்டில் என் கணவர் கழுத்தில் துளையிட்டு வைத்த குழாய் வழியாகத்தான் மூச்சு விட்டார். வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினேன். மிச்சத்தை வழக்கம்போல் அவர்மேல் ஊதினேன். தூள் குழாய்க்குள் போய்விட்டது. இருமி இருமி அவர் முகம் நீலமானது.

"முருகா!" என்று கத்தினேன்.

தாதி ஓடிவந்து அந்தக் குழாய்க்குள் இருந்த உள்குழாயைக் கழற்றினார். சாம்பலும் சளியும் அதில் அடைத்திருந்தன. சுத்தமான உள்குழாயை மாட்டி, மெல்லிய டியூபை உள்ளே விட்டு, வெளியே இழுத்தபடி சில நொடிகளில் சளியை உறிஞ்சினார். என் கணவருக்கு மூச்சு வந்தது.

"ஆன்டி, இவருக்கு இப்ப மூக்கு இந்தக் குழாய்தான் லா. தூளே ஆகாது."

"சாமி திருநீறும்மா..."

"நானும்தான் பூசியிருக்கேன். தண்ணியில கொழச்சு நெத்தியில மட்டும் வைங்க, சாமி கோவிச்சுக்காது."

இன்றும் விரலை நனைத்துத்தான் அவருக்குத் திருநீறு வைக்கிறேன்.