எழுபத்திரண்டாயிரம் கேட்ட மின்னஞ்சல்

கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் வரவேற்புப் பிரிவு மேலாளர் வேலை எனக்கு வந்தபோது நான் கத்தாரிலிருந்து விடுமுறையில் வந்து நின்றேன். அங்கே ஏழு வருடம் அதே வேலைதான். என் சின்ன மகள் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். போதுமடா இந்தப் பிழைப்பு என்று அன்றைக்கே முடிவெடுத்து, ஊருக்குக் கிட்ட உள்ள ஹோட்டல்களுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டேன். ஒன்று சரிவந்தது.

நியமனம் பற்றிய மின்னஞ்சலில் அடிப்படைச் சம்பளம் ஐம்பத்தையாயிரம் என்றிருந்தது. அதற்கு மேல் சேவைக் கட்டணத்தில் ஒரு பங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் காற்று வீசும் மாதங்களில்தான் பட்டம் கட்டி அலையில் ஓடும் வெள்ளைக்காரர் வருவார்கள், அப்போதுதான் அந்தப் பங்கும் வரும். காற்று விழுந்தால் பங்கும் விழும். ஊழியர் சேமலாப நிதிக்கும் அடிப்படைச் சம்பளம்தான் கணக்கு. நானும் மனைவியும் தில்லையடி வீட்டுக் குசினி அடுப்படியில் இருந்து கூட்டிப் பார்த்தோம். வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, வாப்பாவின் மருந்து எல்லாம் சேர்த்தால் எழுபத்திரண்டுக்குக் குறைந்து முடியாது. மாதக் கடைசிக்குள் நான் திரும்பாவிட்டால் கத்தார் விசா போய்விடும். எழுபத்திரண்டு கிடைத்தால் இங்கே, இல்லாவிட்டால் விமானம். விசயம் அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். முதல் தடவை எழுதியதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் என்று மன்னாரை விட்டு விரட்டப்பட்டது, முகாம் வாழ்க்கை, வாப்பாவின் நெஞ்சு வருத்தம், எல்லாவற்றையும் கொட்டி, கடைசியில் ‘இந்தச் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு அநியாயம்’ என்று முடித்திருந்தேன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“இதென்ன, நிவாரணத்துக்கு எழுதுறீங்களா? நம்மட கஷ்டத்துக்கு அவங்க ஏன் சம்பளம் கூட்டணும்? உங்கட வேலைக்குக் கேளுங்க.”

“ஏசாத புள்ள.”

“ஏசல்ல. அழிங்க.”

அழித்தேன். இருவரும் சேர்ந்து திரும்ப எழுதினோம். முதல் வரியில் நன்றி. வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அந்தக் கடற்கரையில் வேலை செய்யவே ஆசை என்று இரண்டாவது வரி. பிறகு ஆதாரம். இதே வேலைக்கு நீர்கொழும்பிலும் கற்பிட்டியிலும் அந்த மாதம் வந்த இரண்டு விளம்பரங்கள், இரண்டிலும் அடிப்படைச் சம்பளம் எழுபதைத் தாண்டியிருந்தது, அவற்றின் பிரதியை இணைத்தோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம், பேச்சு அரபு எனக்குத் தெரியும் என்றும், இணையவழி முன்பதிவுகளையும் நானே பார்ப்பதால் அதற்கு இன்னொருவர் தேவையில்லை என்றும் எழுதினோம். அதற்குப் பிறகுதான் தொகை. ‘எழுபது தொடக்கம் எண்பது’ என்று நான் எழுதப் போனபோது அவள் விடவில்லை. அப்படி எழுதினால் எழுபதைத்தான் பார்ப்பார்கள் என்றாள். அடிப்படைச் சம்பளம் எழுபத்திரண்டாயிரம், ஒரே தொகை. இதைப் பற்றிப் பேச விரும்பினால் நான் தயார், வியாழனுக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும் என்று மரியாதையாக முடித்தோம். கத்தாரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மிரட்டுவது போல இருக்கும் என்றாள்.

திங்கட்கிழமை அனுப்பினேன். அன்று பின்னேரமே ஹோட்டல் மேலாளர் தொலைபேசியில் சிங்களத்தில் பேசினார். சிலாபம் பக்கத்து மனிதர், நல்ல மாதிரி. நியாயமாகத்தான் கேட்டிருக்கிறீர்கள், முதலாளியிடம் எடுத்துச் சொல்கிறேன், எழுபதுக்கு மேலே வரலாம் என்றார். மனைவி அன்றைக்கு இனிப்புக்கு வட்டிலப்பம் அவித்தாள். மாஷா அல்லாஹ், சின்னவள் என் மடியில் இருந்து சாப்பிட்டாள்.

புதன்கிழமை வாப்பாவைக் காணவில்லை. நண்பகல் லுஹர் தொழுகைக்குப் போனவர் பின்னேரம் அஸருக்கும் வரவில்லை. பொழுது படும் நேரம், மஃரிபுக்குச் சற்று முன்னால், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாய், வியர்த்து விறுவிறுத்து வந்து கதிரையில் இருந்தார். முகம் பெருநாள் முகம்.

“எங்க வாப்பா போனீங்க?”

“ஆலங்குடாவுக்கு. பஸ்ஸில போய் அங்கால ஆட்டோ புடிச்சன். அந்த மெனேஜரக் கண்டு ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு குடுத்தன். தங்கமான மனுசன்.”

“என்ன கதைச்சீங்க?”

“நீ சம்பளம் கூடக் கேட்டு எழுதினது எனக்குக் கேட்டிச்சு மவன். தர்றவங்கட்ட இவ்வளவு தா எண்டு கேட்டா மனம் கசந்துடும். அதால நான் நேர போய்ச் சொன்னன், மாத்தயா, அவன் சின்னப்புள்ள மாதிரி கேட்டுட்டான், நீங்க மனசுல வைக்க வேணாம். நாங்க அகதியா வந்த சனம். நீங்க தர்றது எதுவோ அதுவே பரக்கத். அவன் புள்ளைகளோட ஊர்ல இருந்தாப் போதும் எண்டு.”

யா அல்லாஹ்! நானும் அவளும் வரி வரியாக அழித்ததையெல்லாம் அவர் பஸ் ஏறிப் போய் வாயால் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு வாய் வரைக்கும் வந்தது. கத்தியிருப்பேன். மனைவி கதவடியில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். இருபது வருடத்துக்கு மேல் இந்த மனிதர் வரிசையில் நின்றார். அரிசிக்கு, கூடாரத்துக்கு, ஓலைக்கு, பள்ளிக்கூட அனுமதிக்கு. தொப்பியைச் சரிசெய்து, தலையைக் குனிந்து, தருவதை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். அப்படித்தான் எங்களை வளர்த்தார். எனக்காக அவருக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியத்தைத்தான் அன்றும் செய்தார்.

வியாழக்கிழமை பதில் வந்தது. உங்கள் தகப்பனார் வந்ததில் மிகவும் மகிழ்ச்சி, முதலில் சொன்ன சம்பளம் உங்கள் குடும்பத்துக்குச் சம்மதம் என்று அவர் மூலம் அறிந்தோம், முதலாளியிடமும் அப்படியே தெரிவித்துவிட்டோம் என்றிருந்தது. நான் மறுபடி எழுதினேன். வாப்பா என்மேல் உள்ள அன்பால் பேசிவிட்டார், வேலைக்குரிய தொகை நான் எழுதியதுதான் என்று, ஒரு சொல்கூடக் காரமாக இல்லாமல். மேலாளர் தொலைபேசியில் உண்மையிலேயே வருந்தினார். ஐம்பத்தையாயிரத்துக்கு வருகிற ஆளுக்கு எழுபத்திரண்டு ஏன் என்று முதலாளி கேட்கிறாராம். மேலாளர் கெஞ்சிக் கேட்டதில் ஐம்பத்தெட்டு. அதற்கு மேல் அவர் கையில் இல்லை. நன்றி சொல்லி, முடியாது என்று எழுதி அனுப்பினேன். அதையும் மனைவிதான் திருத்தினாள். திருத்தும்போது அழுதாள்.

வாப்பாவுக்கு என்ன சொல்வது? உங்களால்தான் போச்சு என்று சொன்னால் அந்த நெஞ்சு தாங்காது. கத்தாருக்குப் புறப்படுகிற அன்று, வேன் வாசலில் நிற்க, அவரே கேட்டார்.

“நான் போய்க் கதைச்சதுல ஒண்டும் பிழ இல்லையே, மவன்?”

“இல்ல வாப்பா. நீங்க போனதாலதான் மூவாயிரம் கூட்டினாங்க.”

அவர் முகம் மலர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு என் பெட்டியைப் பார்த்தார், தாயின் இடுப்பில் இருந்து அழுகிற சின்னவளைப் பார்த்தார்.

“கூட்டித் தந்துமா போறாய்?” என்றார். “உனக்கு எவ்வளவு தந்தாடா போதும்?”

நான் வேனில் ஏறினேன்.