அலமாரியை விட்டு இறங்கிய புத்தகங்கள்

வசம்பின் காரமான வாசம் எங்கே வந்தாலும், பினாங்கு குயின் தெருப் பக்கம், ஒரு மளிகைக்கடை மாடியில் இருந்த எங்கள் சைவ சபையின் புத்தக அலமாரிதான் எனக்கு நினைவு வரும். கரையான் வராதிருக்க வசம்பைத் துணியில் முடிந்து தட்டுக்குத் தட்டு வைப்பார் அப்பா. துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்த அவருக்கு, அந்த அலமாரிச் சாவி இடுப்பில் தொங்குவது பெரிய கௌரவம். ஞாயிறு பிற்பகல் சபையார் பதிகம் படிக்க, அவர் பொருள் சொல்வார். கடைசியில் நான் ஒரு "நிகண்டு" பாட்டு ஒப்பிப்பேன். ஒரு பொருளுக்குத் தமிழில் உள்ள பெயர்களையெல்லாம் பாட்டாகவே அடுக்கித் தரும் புத்தகம் அது.

முப்பதுகளின் தொடக்கத்தில், கப்பலில் வந்த ஒரு பிரசங்கியார் மூன்று நாள் பேசினார். சமணரும் பௌத்தரும் நம் அடியார்களுக்குச் செய்த கொடுமைகளை அவர் சொல்லக் கேட்டு, அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பாவே எழுந்து, "சாமி படத்துக்கு எதிர்க்க அவங்க எழுதின புத்தகம் இருக்கலாமா? எடுத்துடுவோம்" என்றார். சபைத் தலைவரும் சரியென்றார். எது அவர்கள் எழுதியது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

பழைய நூல்கள் தெரிந்தவர் என்று, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் அப்பாண்டையை அழைத்து வந்தார்கள். வடஆற்காட்டுக்காரர். மீன் வாடை வந்தாலே தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவார். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பார். ஏதோ விரதம் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் மறுபேச்சில்லாமல் ஒவ்வொன்றாய் எடுத்துப் பாயில் வைத்தார். "இந்த இலக்கணம் சமண முனிவர் செய்தது. இது பௌத்தர் செய்தது. இந்த நானூறு பாட்டும் சமண முனிவருங்க பாடினதுன்னு சொல்வாங்க." காப்பியங்களும் இறங்கின. கிரேன் ஓட்டும் மாணிக்கம் அண்ணன் எட்டிப் பார்த்து, "அண்ணே, பதிகத்தையும் வசம்பையும் விட்டா ஒண்ணும் மிஞ்சாதுலா! அலமாரியையும் வித்துடலாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை.

"துறவிக்கு எதுக்கய்யா இலக்கணம்?" என்று கேட்டார் தலைவர்.

"மழைக்காலத்துல அவங்க ஊர் ஊரா நடக்க மாட்டாங்க. புழு பூச்சி மிதிபடும். நாலு மாசம் ஒரே இடத்துல தங்கி, வர்றவங்களுக்குப் பாடம் சொல்வாங்க. மதுரைப் பக்கத்துக் குகைங்கள்ல அவங்களுக்குன்னு செதுக்கின கல்லுப் படுக்கை இருக்கு. கொடுத்தவன் பேரைப் பழைய தமிழ் எழுத்துல வெட்டியிருக்கு. அதைப் பத்தி வந்த ஒரு கட்டுரைக்கு நானே எழுத்துக் கோத்தேன். ஜனங்களுக்கு அறம் சொல்லணும்னா ஜனங்க பாஷை தெரியணுமே? அதுக்குத்தான் இலக்கணமும் நிகண்டும் கதையும். பௌத்தரும் அப்படித்தான். பர்மா கோயில் சாமியார் காலையில ஏந்திட்டுப் போறாரே, அந்த மாதிரிப் பிச்சைப் பாத்திரத்தையே வச்சு, பசிச்சவங்களுக்குச் சோறு போடுற ஒரு காவியம் பாடியிருக்காங்க."

கடைசியாக நிகண்டை எடுத்தார். அட்டையோடு ஒட்டிக் கிடந்த முதல் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அதையும் பாயில் வைத்தார். அப்பா அதைப் பிரித்தார். "என் தாயார் நினைவாகச் சாத்திர தானம். அப்பாண்டை" என்று எழுதியிருந்தது.

"இது நீங்க கொடுத்ததா?"

"ஆமாங்க. நாங்க சமணங்க. சோறு, மருந்து, அடைக்கலம், இதோட கல்வியும் எங்களுக்குத் தானம். வீட்டுல யாராவது தவறினா, நோன்பு முடிச்சா, ஏடு எழுத வச்சுக் கொடுப்பாங்க. இப்போ அச்சுப் புத்தகம்." சன்னலைப் பார்த்தார். "பொழுது சாயுது. சாப்பிடணும், வரேங்க."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு, "கட்டிக் கீழே மளிகைக் கிடங்குல போட்டுடு" என்றார் தலைவர். அப்பா நிகண்டைப் பாயிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் இந்த நிகண்டைப் பார்த்துத்தான் பதிகத்துக்குப் பொருள் சொன்னேன். இது கீழே போனா நானும் போறேன்." சாவியை மேசையில் வைத்தார்.

"புத்தகத்துக்காகச் சாமிய விடுறியா?"

"சாமிய யாரு விட்டா?"

இரண்டு ஞாயிறு நாங்கள் சபைக்குப் போகவில்லை. அப்பா வீட்டிலேயே பதிகம் பாடினார். பொருள் சொல்ல யாரும் கேட்காததால் பாதியிலேயே நிறுத்திவிடுவார். மூன்றாம் ஞாயிறு மாணிக்கம் அண்ணன் சாவியோடு வந்தார். "வாங்கண்ணே. அர்த்தம் புரியாம எல்லாம் கொறட்டை விடுறாங்க. தலைவரே அனுப்பினாரு." அப்பா சபைக்குப் போகும் முன் அச்சுக்கூடத்துக்குப் போய் அப்பாண்டையை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் வழக்கப்படி வெங்காயமும் கிழங்கும் சேர்க்காமல் அம்மா சமைக்க, வெயில் இறங்குமுன் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். புத்தகங்கள் அலமாரிக்குத் திரும்பின. ஆனால் தலைவர் சொல்லிக் கீழ்த்தட்டில்தான் வைத்தார்கள்.

இன்று அந்த மாடியில் துணி தைக்கிறார்கள். ஜப்பான்காரன் குண்டில் அச்சுக்கூடம் போயிற்று. அப்பாண்டை அதற்குமுன் ஊர் போய்ச் சேர்ந்தாரா, தெரியாது. சபையும் அலமாரியும் இல்லை. நான் இன்றும் பதிகம் பாடித்தான் விளக்கேற்றுகிறேன். அப்பாவின் திதியன்று நாலு பேருக்குச் சோறு போட்டு, தமிழ்ப்பள்ளிக்கு ஒரு புத்தகமும் கொடுக்கிறேன். முதல் பக்கத்தில் அப்பா பெயரை எழுதி, அதன் கீழே "அப்பாண்டையின் தாயாருக்கும்" என்று சேர்க்கிறேன். அந்த அம்மாளின் பெயரை அவர் எழுதவில்லை; நாங்களும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.