ஒத்தைப் பூவை வெச்சுப் பேர் சொல்லமாட்டார்

எங்க வீட்டுக்காரருக்கு ஊர் வெச்ச பேரு 'இலை எங்கே'. நாங்க செடி விக்கிறவங்க. முன்னாடி கம்பிக் கதவு, உள்ளே வரிசையா தொட்டி, ஓரத்துல நான் உக்காந்திருக்கிற மேசை. செடி வாங்க வர்றவங்களைவிட செல்போனை நீட்டி "இது என்ன செடிங்க?"ன்னு கேக்க வர்றவங்கதான் அதிகம். எல்லாரும் பூவை மட்டும் கிட்டப் போய் எடுத்துட்டு வருவாங்க. இவர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப் பாப்பார். பாத்துட்டு, "இலை எங்கே?"ம்பார். பூ காட்டினவங்களுக்கு மூஞ்சி செத்துப் போயிடும்.

நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன், குத்துமதிப்பா ஒரு பேரைச் சொல்லி அனுப்புங்களேன்னு. மனுஷன் கேக்கணுமே. ஒரு காலத்துல அவரும் குத்துமதிப்பா சொன்னவர்தான். பூ படத்தைப் பாத்துட்டு, மாடு மேயற இடத்துல வேலிக்கு வைக்கலாம்னு ஒருத்தருக்குச் சொன்னார். அது அரளி, மாடு தின்னா விஷம். நல்லவேளை, நடறதுக்கு முன்னாடி ஒரு கிளையை ஒடிச்சுக் கொண்டுவந்து காட்டினாங்க. அன்னிலேருந்து ஒத்தைப் படத்துக்குப் பேர் சொல்றதில்லை. பிடிச்ச பிடி உடும்புப் பிடி.

அப்படிப்பட்ட ஆள்கிட்டதான் தையல்கார அக்கா வந்து மாட்டினாங்க. எங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளி தைக்கிறவங்க. கழுத்துல அளவு டேப்பு தொங்க அப்படியே எழுந்து வந்திருந்தாங்க. செல்போன்ல ஒரு வெள்ளைப் பூ. அஞ்சு இதழ், நடுவுல மஞ்சள். அவ்வளவுதான் படம்.

"என் பொண்ணு அனுப்பினது. இதே செடி ஒண்ணு வேணும்"னாங்க.

"வெள்ளையில அஞ்சு இதழ்னா ஊர்ப்பட்ட செடி இருக்குக்கா. இலை எங்கே?"ன்னார் இவர்.

"அவ இதை மட்டும்தான் அனுப்புவா."

அப்புறம் என்கிட்ட உக்காந்துதான் விஷயத்தைச் சொன்னாங்க. பொண்ணு வேற ஊர்ல வேலை பாக்கறா. கல்யாணப் பேச்சுல வாய் தடிச்சு, ரெண்டு பேரும் பேசி நாலு வருஷமாச்சு. அம்மா பொறந்த நாளைக்கு மட்டும் ஒரு படம் வரும். ஒரு வருஷம் ஜன்னல், ஒரு வருஷம் மழை, இந்த வருஷம் இந்தப் பூ. ஒரு எழுத்து கூட இருக்காது. இவங்களும் கட்டைவிரல் தூக்கின பொம்மையைத் திருப்பி அனுப்பிட்டு உக்காந்துடுவாங்க.

"என்ன எழுதறதுன்னு தெரியலம்மா. அவ வீட்ல பூக்கறது என் வீட்லயும் பூத்தா, காலையில அவளும் இதைத்தான் பாக்கறான்னு நினைச்சுக்கலாம் பாரு. அதுக்குத்தான்."

இவர் துண்டுச் சீட்டும் பேனாவும் எடுத்துட்டு வந்து எதிர்ல நின்னார்.

"எழுதிக்குங்கக்கா. முழுச் செடியும் தெரியற மாதிரி தள்ளி நின்னு ஒரு படம். ஒரு கிளை, இலை மாத்தி மாத்தி இருக்கா, எதிரெதிரா இருக்கான்னு தெரியணும். இலையோட முதுகு ஒண்ணு. காம்பு தண்டுல சேர்ற இடம் ஒண்ணு, அங்கதான் முள்ளு இருந்தா இருக்கும். அளவு தெரிய பக்கத்துல கையை வெச்சுக்கச் சொல்லுங்க. தரையில இருக்கா, தொட்டியில இருக்கான்னும் கேளுங்க."

"நாலு வருஷம் கழிச்சு இதைப் போயா கேப்பேன்?"

"வேற என்னத்தைக் கேப்பீங்க?"ன்னுட்டுத் தண்ணி விடப் போயிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணிக் குழாயாலேயே நாலு போடலாம் போல இருந்துச்சு.

அக்கா அந்தச் சீட்டை ரெண்டு நாள் இடுப்புலயே வெச்சிருந்திருக்காங்க. மூணாம் நாள்தான் அதுல இருந்ததை அப்படியே அடிச்சு அனுப்பியிருக்காங்க, 'சாப்பிட்டியா' கூடக் கிடையாது. பொண்ணு என்ன நினைச்சாளோ, 'இதெல்லாம் யார் கேக்கச் சொன்னது?'ன்னு பதில் போட்டா. அக்கா, 'நான்தான் கேக்கறேன்'னு போட்டாங்களாம். ஒரு மணி நேரத்துல நாலு படம் வந்து விழுந்துச்சு.

தச்சுக்கிட்டிருந்த துணியை மிஷின்லயே விட்டுட்டு ஓடி வந்தாங்க. இவர் படத்தைப் பெருசாக்கினார். தொட்டிச் செடி, மாத்தி மாத்தி இலை, கணுவுல சின்ன முள்ளு.

"காம்பைப் பாத்தீங்களா? ரெண்டு பக்கமும் மெல்லிசா றெக்கை மாதிரி விரிஞ்சிருக்கு பாருங்க."

"இளைச்சிருக்கா"ன்னாங்க அக்கா.

இலைக்குக் கீழே இருந்த கையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க. அளவுக்கு வெச்ச கை. நகத்தை ஒட்டக் கடிச்ச அஞ்சு விரல். "நகம் கடிக்கறதை இன்னும் விடலை. மணிக்கட்டைப் பாரேன், குச்சியாட்டம். சமைக்கறாளோ என்னவோ."

இவர் படத்தை மறுபடி இலைப் பக்கம் நகர்த்தினார். "எலுமிச்சைச் சாதிதான். ஆனா எலுமிச்சையா, ஆரஞ்சா, வேறயான்னு சொல்ல முடியாது. பழம் இருந்தா சிக்கலே இல்ல. காய் பிடிச்சிருக்கான்னு கேளுங்க. செடி எங்கேருந்து வந்துச்சு, விதை போட்டதா, ஒட்டுக் கட்டினதான்னும் கேளுங்க."

அக்கா எங்க மேசையில உக்காந்தே கேட்டாங்க. பதிலும் உடனே வந்துச்சு. 'குடி வந்தப்பவே இருந்துச்சு. முன்னாடி இருந்தவங்க விட்டுட்டுப் போனது. பூக்கும், காய்க்காது.'

அக்கா சொல்லாமலேயே அவங்க மனசு எனக்குப் புரிஞ்சுது. இவர் ஒரு பேரைச் சொல்லிட்டா அதோட பேச்சு முடிஞ்சுது. அப்புறம் அடுத்த பொறந்த நாள் வரைக்கும் காத்துக் கெடக்கணும். "இன்னும் ஏதாவது கேக்கணுமாங்க?"ன்னு அவங்க கேட்ட குரல் இருக்கே, கடைசி பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தறவங்க குரல். நான் மேசைக்கு அடியில இவர் காலை மிதிச்சேன்.

"ஏன் மிதிக்கறே?"ன்னு சத்தமாவே கேட்டார். "கேக்கத்தான் வேணும். எனக்கு நிஜமாவே தெரியல. தொட்டியில வளர்ந்தா இலை அளவை நம்ப முடியாது. ஒரு இலையைக் கிள்ளி, கசக்கி மோந்து பாக்கச் சொல்லுங்க. எலுமிச்சைக்கு ஒரு வாசனை, ஆரஞ்சுக்கு ஒரு வாசனை. அதுல ஓரளவு பிடிச்சுடலாம்."

அக்கா அடிச்சு அனுப்பினாங்க. இந்தத் தடவை பதில் வரல. பொண்ணு பாத்துட்டாங்கற குறி மட்டும் விழுந்துச்சு. பத்து நிமிஷம். ரெண்டு பேர் வந்து தொட்டி வாங்கிட்டுப் போனாங்க. அக்கா டேப்பைச் சுருட்டறதும் பிரிக்கறதுமா இருந்தாங்க. நான் மனசுக்குள்ள இவரைத் திட்டித் தீத்துட்டேன். வாசனையைப் போய்க் கேக்கச் சொன்னாரே, நூல் அறுந்துடுச்சேன்னு.

போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. அக்கா படிச்சாங்க. மறுபடி படிச்சாங்க. போனை என் பக்கம் நகர்த்தினாங்க.

'கசக்கி மோந்தேன். ஒரு வாசனை வருது. என்ன வாசனைன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. இதை எப்படிப் படம் எடுத்து அனுப்பறது? நீ வந்து மோந்து பாரேன்.'

அதுக்குக் கீழே வீட்டு விலாசம், கதவு நம்பரோட.

எனக்குக் கண்ணு பொலபொலன்னு கொட்டிடுச்சு, மறைக்கவே தோணல. அக்கா அழல. சீட்டை இடுப்புலேருந்து எடுத்து, மேசை மேல கிடந்த பேனாவைத் தட்டித் தட்டிப் பாத்து, இவர்கிட்ட நீட்டினாங்க.

"போகும்போது வேற என்னென்ன கேக்கணும்னு எழுதிக் குடுங்க தம்பி."

இவர் சீட்டை வாங்கலை. "செடியைப் பத்தி ஒண்ணும் இல்லக்கா. மிச்சத்தை நீங்க உங்க பொண்ணுகிட்ட கேளுங்க"ன்னார்.