மூச்சை எப்படிச் சொல்வது?

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது தென்காசியில் டீச்சர். பரீட்சைப் பதற்றத்துக்கு ஒரு மூச்சுப் பயிற்சியைச் சின்ன வீடியோவாக எடுத்தேன். நடிக்க வந்த வடகரை மாணவிக்கு மறுநாள் பிளஸ் டூ பரீட்சை. பெஞ்சுக்கடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“மூச்சை மெதுவா இழு” என்றேன், போனைப் பிடித்தபடி.

“தாத்தாவுக்கு மூச்சு இழுக்குன்னுதான் சொந்தக்காரங்களுக்குப் போன் போட்டோம் டீச்சர்.”

“சரி, மூச்சு வாங்கு.”

“அது செண்பகாதேவி அருவிக்கு ஏறுனா வாங்கும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “ஏட்டி, கையில சூடா காப்பி இருக்குன்னு நினைச்சுக்கோ. மூக்கால மெதுவா மோந்து பாரு. பிறகு, அதைவிட மெதுவா வாயால ஊதி ஆத்து.”

சிரித்துக்கொண்டே ஊதினாள். மறுபடி மோந்தாள், ஊதினாள். தோள் தாழ்ந்தது. கால் நின்றது.

“பயம் போயிட்டா?”

“போகல டீச்சர். ஆனா மொத கேள்வியை வாசிச்சிருவேன்.”

‘பயம் பறந்துவிடும்’ என்று வீடியோவுக்கு எழுதியிருந்த கடைசி வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதையே வைத்தேன்.

மறுநாள் அவள் ஹாலுக்குள் போனாள். வெளியே என் கால் ஆடத் தொடங்கியது. இல்லாத காப்பியை ஊதிக்கொண்டு நின்றேன்.