படுக்கைக் குழாயும் நேர்க் கம்பியும்

மாடி பால்கனிக்குக் கைப்பிடிக் கிராதி போட, அரூரில் உள்ள பட்டறைக்கு மருமகளோடும் மூன்று வயதுப் பேத்தியோடும் போயிருந்தேன். என் கவலையெல்லாம் துருவைப் பற்றித்தான். இரும்பு, பெயின்ட் உரிந்த இடத்தில் அரிக்கும். மரம் வெயிலிலும் மழையிலும் வெடித்து வலுவிழக்கும். ஆகவே எவர்சில்வர்தான் என்று அடம்பிடித்தேன்.

"கண்ணாடியும் பாருங்கய்யா. ரெண்டு கண்ணாடிய ஒட்டுனது, ஒடஞ்சாலும் சில்லு கொட்டாதுங்க," என்றார் பட்டறைக்காரர்.

"டம்ளர் ஒடஞ்சாலே மாமாவுக்குத் தூக்கம் போயிருங்க," என்று மருமகள் சிரித்தாள்.

மாதிரிக்கு நிறுத்தியிருந்த எவர்சில்வர் கிராதியில் குழாய்கள் படுக்கையாக இருந்தன. நான் ஐந்து என்று எண்ணி முடிப்பதற்குள் பேத்தி மூன்றாவது குழாயில் ஏறி நின்றாள். மருமகள் ஓடிப்போய் இறக்கினாள்.

"எவர்சில்வரே போடுங்க. ஆனா கம்பியெல்லாம் நேரா நிக்கட்டும், நாலு அங்குலத்துக்கு மேல சந்து வேண்டாங்க," என்றாள் அவரிடம்.

பொருத்திய அன்று ஒவ்வொரு இடைவெளியையும் அளந்தேன். பேத்தி கால் வைக்க இடம் தேடினாள். கிடைக்காமல், கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி, தெருவில் போன டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.