இடது காதில் மட்டும் மலை

சேலத்திலிருந்து மலையேறும்போது காது அடைக்காத ஆள் உண்டா? எச்சிலை முழுங்கினால் திறந்துகொள்ளும். வெளியூர்க்காரர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் என் இடது காது அடைத்தபோதும் பழியை மலைமேல் போட்டேன். எவ்வளவு முழுங்கியும் அது திறக்கவில்லையே என்று யோசிக்காத மரமண்டை நான்.

அப்போது மலைமேல் கொட்டச்சேடு என்ற ஊரிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒண்டிக்கடைப் பக்கத்துப் பள்ளிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். அடைப்போடு ஓர் இரைச்சலும் வரும், காப்பிப் பழம் உரிக்கும் மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி. செடியில் பழமே இல்லாத வைகாசியில், எந்த எஸ்டேட்டில் மெஷின் ஓடுகிறது என்று மனைவியைக் கேட்டேன். அவள் வாசல்வரை போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரு சத்தமும் இல்லையே என்றாள். சற்று நேரத்தில் வீடே சுழல ஆரம்பித்தது, வாந்தி, வியர்வை. மூன்று மணி நேரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு நாளில் காது திறந்துவிட்டது. பித்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்படி வருவதும் போவதுமாக இரண்டு வருடம் ஓடியது. ஒவ்வொரு முறையும் வீட்டில் இருக்கும்போதுதான் வந்தது. அதை அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை வாசலில் வேனைக் கிளப்பினேன். இரைச்சல் ஏறியது. ஸ்டியரிங் சுழன்றதா, நான் சுழன்றேனா தெரியவில்லை. மனைவி ஓடிவந்து என்ஜினை அணைத்தாள்.

"ஏனுங்க, உங்க கண்ணு ரெண்டும் துடிதுடின்னு ஒரே பக்கமா இழுக்குதுங்க," என்றாள். இன்னும் பத்து நிமிடம் கழித்து வந்திருந்தால் கொண்டை ஊசி வளைவில், பதினோரு பிள்ளைகளோடு இருந்திருப்பேன்.

சேலத்தில் காது டாக்டர் கேட்கும் திறனைச் சோதித்தார். இடது காதில் தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் கேட்கவில்லை. மலையால் அடைத்தால் முழுங்கியதும் விட்டுவிடும், அதில் வீடு இப்படி மணிக்கணக்கில் சுழலாது என்றார். உள்காதில் நீர் கூடுவதால் வருகிற நோயாகத் தெரிகிறதாம். உப்பைக் குறைக்கச் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அடுத்த மாதச் சோதனையில் காது நன்றாகவே கேட்டது. வாயெல்லாம் பல்லாக, வேன் ஓட்டலாமா என்றேன்.

"இன்னிக்குக் கேக்குதுங்க. அடுத்தது எப்ப வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வண்டி வேண்டாம்."

வண்டியை விட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது. தலைமையாசிரியை அம்மாவிடம் நோயைச் சொல்லிச் சாவியை நீட்டினேன். வாங்காமல், "எப்ப இருந்துங்க?" என்று கேட்டார். போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ரெண்டு வருசமாங்க," என்றேன்.

அவர் மகளும் என் வேனில்தான் வந்துகொண்டிருந்தாள், எனக்குப் பின் சீட்டில், ஜன்னலோரம். அம்மா சாவியை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு என் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை.